விற்பனைப் பணி நேர்காணல்: இலக்குக் கணக்கும் பேனா விற்கும் பயிற்சியும்

விற்பனைப் பிரதிநிதி வேலைக்கான நேர்காணலில், மற்ற வேலைகளுக்கான நேர்காணல்களில் பெரும்பாலும் வராத இரண்டு பகுதிகள் உண்டு. ஒன்று, முந்தைய வேலையில் கொடுக்கப்பட்ட விற்பனை இலக்கை எட்டினீர்களா என்பதைக் கணக்கோடு சொல்வது. மற்றொன்று, மேசையில் இருக்கும் பேனாவையோ தண்ணீர் பாட்டிலையோ எடுத்து நீட்டி, "இதை எனக்கு விற்றுக் காட்டுங்கள்" என்று சொல்லும் பயிற்சி. இரண்டும் வெவ்வேறு சோதனைகள் போலத் தோன்றினாலும், நேர்காணல் செய்பவர் இரண்டிலும் தேடுவது ஒன்றைத்தான். வாங்குகிறவர் ஏன் வாங்கினார், ஏன் வாங்காமல் போனார் என்பது இந்த இளைஞருக்குத் தெரியுமா என்று பார்க்கிறார்.

விற்பனை வேலைகளில் பல வகை உண்டு. இக்கட்டுரை ஒரு வகையை மட்டும் எடுத்துக்கொள்கிறது. சோப்பு, பிஸ்கட், தலையெண்ணெய் போன்ற அன்றாடப் பொருள்களை மளிகைக் கடைகளுக்கு விற்கும் நிறுவனத்தின் பிரதிநிதி வேலை அது. தமிழ்நாட்டில் பட்டப்படிப்பு முடித்த பலர் முதலில் நுழையும் விற்பனை வேலைகளில் இதுவும் ஒன்று. ஓரிரு ஆண்டுகள் வேலை பார்த்தபின் அடுத்த நிறுவனத்துக்கு மாற முயலும்போதுதான் இந்த இரண்டு சோதனைகளும் கடுமையாக வரும்.

இரண்டு வகை விற்பனை

இந்தத் துறையில் சரக்கு இரண்டு முறை கை மாறுகிறது. நிறுவனம் தன் சரக்கை ஓர் ஊரிலுள்ள விநியோகஸ்தருக்கு அனுப்புகிறது. இதைப் 'பிரைமரி' என்பார்கள். விநியோகஸ்தரின் கிடங்கிலிருந்து அது கடைகளுக்குப் போகிறது. இது 'செகண்டரி'. கடைக்காரரிடமிருந்து வீட்டுக்குப் போவது மூன்றாவது நிலை. அதைப் பிரதிநிதி பெரும்பாலும் கணக்கில் காட்டுவதில்லை.

"என் டார்கெட்டை முடித்துவிட்டேன்" என்று ஒருவர் சொன்னால், அனுபவமுள்ள மேலாளர் முதலில் கேட்பது "பிரைமரியா, செகண்டரியா?" என்பதைத்தான். காரணம் உண்டு. மாதக் கடைசி இரண்டு மூன்று நாட்களில் விநியோகஸ்தரைக் கெஞ்சியோ நெருக்கியோ அவர் கிடங்கில் சரக்கை இறக்கிவிட்டால் பிரைமரி இலக்கு முடிந்துவிடும். ஆனால் அந்தச் சரக்கு கடைகளுக்குப் போயிருக்காது. அடுத்த மாதம் விநியோகஸ்தர் சரக்கு எடுக்கமாட்டார், அவருடைய பணமும் முடங்கிக் கிடக்கும். இதைத் துறையில் 'டம்பிங்' என்றும், சரக்கைத் தள்ளிவிடுவது என்றும் சொல்வார்கள்.

இதைக் கண்டுபிடிக்க மேலாளருக்கு இரண்டு கேள்விகள் போதும். "மார்ச்சில் 120 சதவீதம் செய்தீர்கள் சரி, ஏப்ரலில் எவ்வளவு?" என்பது ஒன்று. "மாத முடிவில் விநியோகஸ்தரிடம் எத்தனை நாள் சரக்கு இருந்தது?" என்பது மற்றொன்று. இரண்டாவது கேள்விக்கான கணக்கு எளிது. கிடங்கில் இருக்கும் சரக்கின் மதிப்பை, ஒரு நாளில் கடைகளுக்குப் போகும் விற்பனையால் வகுக்க வேண்டும். மாதம் எட்டு லட்சத்து நாற்பதாயிரம் ரூபாய் செகண்டரி, 25 வேலை நாள் என்றால் ஒரு நாளைக்கு 33,600 ரூபாய். கிடங்கில் ஐந்து லட்சம் ரூபாய்ச் சரக்கு இருந்தால் ஏறத்தாழ 15 நாள் சரக்கு. அதுவே பதினைந்து லட்சமாக இருந்தால் 45 நாள். அப்போது 120 சதவீதம் என்ற பெருமைக்கு என்ன பொருள் என்பது மேலாளருக்குப் புரிந்துவிடும். தன் ஏரியாவின் இந்த எண்ணைச் சொல்லத் தெரியாதவர், சரக்கைத் தள்ளியவர் இல்லாவிட்டாலும், கிடங்கைப் பார்க்காமலே வேலை செய்தவர் என்ற எண்ணத்தை உண்டாக்குவார்.

சதவீதத்தின் பின்னால் இருப்பது

ஒரு பாடத்தில் 90 சதவீதத் தேர்ச்சி என்று ஆசிரியர் சொன்னால், எத்தனை பேர் எழுதினார்கள், போன ஆண்டு எவ்வளவு என்று கேட்காத தலைமையாசிரியரை நான் பார்த்ததில்லை. விற்பனை மேலாளரும் அப்படித்தான். சதவீதம் மட்டும் தனியாக நின்றால் அதற்கு மதிப்புக் குறைவு. இலக்கு எவ்வளவு ரூபாய், போன ஆண்டு அதே ஏரியாவில் எவ்வளவு போனது, கூடியது எங்கிருந்து கூடியது என்ற மூன்றும் சேர்ந்தால்தான் அது ஒரு பதிலாகும்.

ஒரு மாதிரிக் கணக்கை எடுத்துக்கொள்வோம். துணி சோப்பு விற்கும் நிறுவனம் ஒன்றின் பிரதிநிதி. அவருக்கு ஆறு 'பீட்'. அதாவது, திங்கள் முதல் சனி வரை நாளுக்கு ஒரு வழித்தடம். ஒவ்வொரு பீட்டிலும் 40 கடைகள், மொத்தம் 240. செகண்டரி இலக்கு மாதம் எட்டு லட்சம், ஆண்டுக்கு 96 லட்சம். (உண்மையில் மாதத்துக்கு மாதம் இலக்கு மாறும். கணக்கு எளிதாக இருக்க ஒரே அளவாக வைத்துக்கொள்வோம்.) அவர் ஆண்டு முழுவதும் செய்தது ஒரு கோடியே எண்பதாயிரம் ரூபாய். இது இலக்கில் 105 சதவீதம். முந்தைய ஆண்டு அந்த ஏரியா 84 லட்சம் செய்திருந்தது. ஆகவே வளர்ச்சி 20 சதவீதம்.

பெரும்பாலான இளைஞர்கள் இந்த இடத்தில் நிறுத்திவிடுவார்கள். "105 சதவீதம் அச்சீவ்மென்ட், 20 சதவீதம் குரோத் சார்" என்று சொல்லிவிட்டுப் பாராட்டை எதிர்பார்ப்பார்கள். மேலாளருக்கோ கேள்வி இப்போதுதான் தொடங்குகிறது. கூடுதலாக வந்த பணம் எங்கிருந்து வந்தது?

மாதக் கணக்காகப் பிரித்துப் பார்ப்போம். முன்பு மாதம் ஏழு லட்சம் போனது, இப்போது சராசரியாக எட்டு லட்சத்து நாற்பதாயிரம். கூடியது ஒரு லட்சத்து நாற்பதாயிரம். முன்பு 240 கடைகளில் 150 கடைகள்தான் மாதம் ஒரு முறையாவது வாங்கின. இப்போது 190 வாங்குகின்றன. புதிதாக வந்த 40 கடைகளும் சிறியவை. ஒவ்வொன்றும் மாதம் சுமார் 2,500 ரூபாய்க்கு வாங்குகின்றன. ஆக, ஒரு லட்சம் ரூபாய் அங்கிருந்து வந்தது. மீதி நாற்பதாயிரம் பழைய 150 கடைகளில் கூடியது. ஆனால் அந்த ஆண்டு நிறுவனம் சோப்பின் விலையை 5 சதவீதம் உயர்த்தியிருந்தது. பழைய கடைகளின் ஏழு லட்சத்தில் 5 சதவீதம் 35,000 ரூபாய். அப்படியானால் பழைய கடைகளில் உண்மையாகக் கூடிய விற்பனை ஐயாயிரம் ரூபாய்தான்.

இந்தப் பிரிப்பு அந்தப் பிரதிநிதியின் சாதனையைச் சிறிதாக்குவதுபோலத் தோன்றலாம். நேர்காணலில் நடப்பது வேறு. விலை உயர்வால் வந்ததைத் தன் திறமை என்று சொல்லாமல், "இதில் முப்பத்தைந்தாயிரம் விலை உயர்வு சார், என் வேலை அந்த நாற்பது கடைதான்" என்று ஒருவர் தானாகவே ஒதுக்கிச் சொல்லும்போது, அவர் சொன்ன மற்ற எண்களை மேலாளர் சந்தேகிப்பதை நிறுத்துகிறார். அவர் சொல்லாமல் விட்டு, மேலாளர் கேட்டு வெளியே வந்தால், உண்மையாக உழைத்துச் சேர்த்த நாற்பது கடைகள் மீதும் நிழல் விழும்.

அந்த நாற்பது கடைகள் எப்படி வந்தன என்பதுதான் பதிலின் உயிரான பகுதி. "கடினமாக உழைத்தேன், உறவை வளர்த்தேன்" என்பவை வெறும் சொற்கள். நம் மாதிரிப் பிரதிநிதி சொல்லக்கூடியது இப்படி இருக்கும்:

"வாங்காத கடை தொண்ணூறு இருந்தது சார். விநியோகஸ்தரோட சேல்ஸ்மேன் பில் போடற கடைக்கு மட்டும் போய்க்கிட்டிருந்தார். நான் தொண்ணூறு கடைக்கும் ஒரு தடவை நேரில் போய், ஏன் நிறுத்தினீங்கன்னு மட்டும் கேட்டேன். சிலது மூடின கடை. சிலர் மொத்த வியாபாரிகிட்ட எடுக்கறாங்க, அவங்களை மாத்த முடியல. ஆனா நிறையப் பேர் ஒரே விஷயத்தைச் சொன்னாங்க. பழைய ஸ்கீம் பணம் வரலை, உடைஞ்ச சோப்பைத் திருப்பி எடுக்கலைன்னு. விநியோகஸ்தரைக் கேட்டா, அவர் கம்பெனிக்கு கிளைம் அனுப்பவே இல்லை. உட்கார்ந்து அந்தக் கிளைமை எழுதி அனுப்பினோம். மூணு மாசத்தில் பணம் வந்துச்சு. அதைக் கடைக்காரங்க கணக்கில் கழிச்சுக் கொடுத்த பிறகுதான் ஆர்டரே கேட்டேன்."

இந்தப் பதிலில் ஒரு பெருமைச் சொல்கூட இல்லை. ஆனால் கடைக்காரர் ஏன் நிறுத்தினார், ஏன் திரும்பி வந்தார் என்ற இரண்டும் இருக்கின்றன. மாற்ற முடியாமல் போன கடைகளும் இருக்கின்றன. தொண்ணூறும் திரும்பி வந்தன என்று சொல்லியிருந்தால் யாரும் நம்பமாட்டார்கள்.

எட்டாத மாதங்கள்

பன்னிரண்டு மாதத்தில் ஒன்பது மாதம் இலக்கை எட்டி, மூன்று மாதம் தவறவிட்டிருந்தால் அந்த மூன்றைப் பற்றிக் கேள்வி நிச்சயம் வரும். பன்னிரண்டையும் எட்டினேன் என்று பொய் சொல்வது ஆபத்து. ஒரே விநியோகஸ்தர் பல நிறுவனங்களின் சரக்கை எடுப்பது இத்துறையில் சாதாரணம். நீங்கள் சேரப்போகும் நிறுவனத்தின் மேலாளருக்கு அவரை ஏற்கெனவே தெரிந்திருக்கலாம். ஒரு தொலைபேசி அழைப்பில் உண்மை வந்துவிடும்.

மூன்று மாதத்துக்கும் வெளிக் காரணமே சொல்வதும் எடுபடாது. நவம்பரில் வடகிழக்குப் பருவமழையில் பத்து நாள் டெலிவரி வண்டி போகவில்லை என்பது நியாயமான காரணம். அதையே மற்ற இரண்டு மாதங்களுக்கும் நீட்டக் கூடாது. அந்தப் பிரதிநிதி, ஒரு மொத்தக் கடையை மட்டும் நம்பி ஜூலையில் பெரிய பில் போட்டார், அந்தக் கடையிலிருந்து பணம் வரவில்லை, விநியோகஸ்தர் ஆகஸ்டிலும் சரக்கை நிறுத்தினார் என்று வைத்துக்கொள்வோம். அதை அப்படியே சொல்லி, அதன்பின் பழைய பாக்கி வராமல் எந்தக் கடைக்கும் புதிய பில் போடுவதில்லை என்று மாற்றிக்கொண்டதையும் சொல்லலாம். கடன் வசூல் விற்பனையின் பாதி என்பதை அறிந்தவர் என்ற மதிப்பு அதில் கிடைக்கும்.

எண்களுக்குச் சான்று கேட்பார்களா? சில நிறுவனங்கள் கேட்கும். ஊக்கத்தொகை வரவான சம்பளச் சீட்டு, நிறுவனம் கொடுத்த பாராட்டுக் கடிதம் ஆகியவற்றை எடுத்துச் செல்லலாம். ஆனால் பழைய நிறுவனத்தின் கடைப் பட்டியலையோ, விலைச் சலுகை விவரத்தையோ, கைப்பேசியில் எடுத்த விற்பனை அறிக்கையின் படத்தையோ காட்டக் கூடாது. நேர்காணல் செய்பவரே ஆசையாகக் கேட்டாலும் "அது அந்தக் கம்பெனி விவரம் சார், என் வேலையைப் பற்றி எது வேண்டுமானாலும் சொல்கிறேன்" என்று மறுப்பதே சரி. அங்கிருந்து எடுத்து வந்து காட்டுகிறவர் நாளை இங்கிருந்தும் எடுத்துப் போவார் என்று எண்ணத்தான் செய்வார்கள்.

"இந்தப் பேனாவை விற்றுக் காட்டுங்கள்"

இந்தப் பயிற்சி வெகுநாளாக இருந்தாலும், மாணவர்களிடையே பரவலாகத் தெரியவந்தது 2013-இல் வெளிவந்த 'தி உல்ஃப் ஆஃப் வால் ஸ்ட்ரீட்' என்ற ஆங்கிலப் படத்தால்தான். மார்ட்டின் ஸ்கோர்செஸி இயக்க, லியோனார்டோ டிகாப்ரியோ நடித்த படம். அதில் பேனாவை வாங்கிக்கொள்ளும் ஒருவன், எதிரில் இருப்பவரைப் பெயர் எழுதச் சொல்கிறான். அவரிடம் பேனா இல்லை. உடனே தேவை உண்டாகிவிட்டது என்பது அதன் சாமர்த்தியம். நேர்காணலில் இதைத் திருப்பிச் செய்யும் இளைஞர்கள் ஏராளம். மேலாளர் அதை நூறாவது முறையாகப் பார்த்துக்கொண்டிருப்பார். அவர் சட்டைப் பையில் இன்னொரு பேனா இருந்தால் அந்த வித்தை அங்கேயே முடிந்துவிடும். படத்தின் முடிவிலும் ஒரு கருத்தரங்கில் ஒவ்வொருவரிடமாகப் பேனா நீட்டப்படுகிறது. அவர்களோ பேனாவைப் புகழத் தொடங்கிவிடுகிறார்கள். மாணவர்கள் கவனிக்க வேண்டியது அந்தக் காட்சியைத்தான் என்பது என் கருத்து.

நம்மிடம் ஒத்திகைக்கு வரும் பிள்ளைகளும் அதையேதான் செய்கிறார்கள். பேனாவைக் கையில் வாங்கிய மறுநொடியே "இது மிகத் தரமான பேனா, வழுக்கிக்கொண்டு எழுதும், இரண்டு கிலோமீட்டர் எழுதலாம்" என்று அடுக்குவார்கள். இரண்டு கிலோமீட்டர் என்று யார் சொன்னது என்று கேட்டால் பதில் இருக்காது. எழுதிப் பார்த்தாயா என்று கேட்டால் அதுவும் இல்லை. மை தீர்ந்த பேனா கையில் வந்து சேர்வதும் உண்டு. வாங்கியதும் ஒரு தாளில் கீறிப் பார்ப்பது நல்லது.

பேனாவைப் பற்றிப் பேசும் முன் கேட்க வேண்டிய முதல் கேள்வி, "நீங்கள் யாராக இருந்து வாங்குகிறீர்கள் சார்?" என்பது. பயன்படுத்துகிறவராகவா, கடைக்காரராகவா? இந்தக் கேள்வியைப் பலர் நினைப்பதே இல்லை. அன்றாடப் பொருள் நிறுவனத்தின் பிரதிநிதி வீடுகளுக்கு விற்பதில்லை. அவர் விற்பது கடைக்காரருக்கு. கடைக்காரருக்குப் பேனா வழுக்கி எழுதுவதைவிட, அது எவ்வளவு வேகமாகப் போகும், எவ்வளவு நிற்கும், எங்கே வைப்பது, போகாவிட்டால் என்ன செய்வது என்பவையே முக்கியம். "கடைக்காரர்னே வச்சுக்குங்க" என்று மேலாளர் சொல்லிவிட்டால், பயிற்சி உங்கள் வேலைக்கு அருகில் வந்துவிடும்.

பேனாவின் விலையை நீங்களாகக் கற்பனை செய்யாமல் கேட்டுக்கொள்ளலாம். மேலாளர், சில்லறை விலை பத்து ரூபாய், கடைக்கு எட்டு ரூபாய், ஒரு பெட்டியில் 20 பேனா என்று சொல்கிறார் என்று கொள்வோம். ஒரு பெட்டி 160 ரூபாய். விற்றால் 200 ரூபாய். உரையாடல் இப்படிப் போகலாம்:

"வணக்கம் அண்ணாச்சி. பக்கத்தில் பள்ளிக்கூடம் இருக்கே, பேனா நல்லாப் போகுமே?"

"போகும் தம்பி. வாரம் முப்பது போகும். ஆனா ஏற்கெனவே மூணு கம்பெனி பேனா வச்சிருக்கேன். இடமில்லை."

"சரிங்க அண்ணாச்சி. மூணில் எது அதிகம் கேக்கறாங்க?"

"அந்த நீலப் பேனாதான். பசங்க அதைத்தான் கேக்குறாங்க."

"அது எப்பவும் கிடைக்குதா?"

"எங்கே கிடைக்குது? அந்த ஆள் பதினஞ்சு நாளைக்கு ஒரு தடவை வருவார். போன பரீட்சை சமயத்தில் நாலு நாள் சரக்கே இல்லை."

"அந்த நாலு நாள் பசங்க என்ன பண்ணினாங்க?"

"எதிர்க் கடைக்குப் போனாங்க. வேறென்ன?"

இதுவரை பேனாவைப் பற்றி ஒரு வார்த்தைகூடப் பேசப்படவில்லை. ஆனால் விற்பதற்கான இடம் கிடைத்துவிட்டது. இடமில்லை என்று தொடங்கிய கடைக்காரரின் உண்மையான தொல்லை, தேவையான நாளில் சரக்கு இல்லாததும், பிள்ளைகள் எதிர்க் கடைக்குப் போவதும். பேனாவோடு பிள்ளைகள் நோட்டும் மிட்டாயும் அங்கேயே வாங்கியிருப்பார்கள் என்பது கடைக்காரருக்குச் சொல்லாமலே தெரியும். (பரீட்சைக்கு முன் ஒரே மாதிரிப் பேனா இரண்டு வாங்கி வைத்துக்கொள்ளும் வழக்கம் பிள்ளைகளிடம் உண்டு. அந்த வாரம் பேனா இல்லாத கடைக்கு இழப்பு இரட்டிப்பு.)

இந்த இடத்தில் அவசரப்பட்டு லாபக் கணக்கை எடுப்பவர்கள் மாட்டிக்கொள்வார்கள். "பெட்டிக்கு நாற்பது ரூபாய் லாபம் அண்ணாச்சி" என்றால், கடைக்காரராக நடிக்கும் மேலாளர், "நீலப் பேனா எனக்கு எட்டரை ரூபாய்க்கு வருது, அதில் ஒன்றரை ரூபாய் நிற்குது. உன்னோடதில் ரெண்டு. ஐம்பது பைசாவுக்காக நான் பசங்க கேக்குற பேனாவை விடணுமா?" என்று கேட்பார். கணக்கு அவர் பக்கம்தான் இருக்கிறது. வாரம் பத்துப் பேனா மாறினாலும் கூடுதல் லாபம் ஐந்து ரூபாய்தான். ஆகவே பேச வேண்டியது கடைக்காரரே வாயால் சொன்ன தொல்லையைப் பற்றி:

"நீலப் பேனாவை எடுக்க வேண்டாம் அண்ணாச்சி. அது போகட்டும். நான் ஒவ்வொரு செவ்வாயும் இந்த லைனுக்கு வருவேன். அது தீர்ந்த நாளில் பசங்க எதிர்க் கடைக்குப் போகாம இருக்க, ஒரே ஒரு பெட்டி. இதோ, உங்க பில் புக்கில் எழுதிப் பாருங்க. மூணில் எது கம்மியாப் போகுதோ அந்த இடத்தில் வைக்கலாம். 160 ரூபாய்தான். ஒரு பெட்டி பில் போட்டுடட்டுமா?"

கேட்டபின் பேசாமல் இருக்க வேண்டும். இது எளிதில்லை. ஆர்டரைக் கேட்டுவிட்டு, மௌனம் தாங்காமல் மறுபடியும் பேனாவின் புகழைப் பாடத் தொடங்குவது பிள்ளைகளிடம் நான் அதிகம் பார்க்கும் பழக்கம். இன்னும் சிலர் ஆர்டரைக் கேட்பதே இல்லை. நன்றாகப் பேசிவிட்டு "யோசிச்சுச் சொல்லுங்க சார்" என்று முடித்துவிடுவார்கள். விற்பனை வேலையில் அது பெரிய குறை.

மேலாளர் இன்னும் ஒரு கண்ணி வைப்பார். "அஞ்சு பெட்டி எடுக்கிறேன், பத்து சதவீதம் தள்ளிக் கொடு. போகலைன்னா திருப்பி எடுத்துக்கணும்." இங்கே உற்சாகத்தில் "கண்டிப்பா அண்ணாச்சி" என்பவர் தோற்கிறார். பிரதிநிதிக்கு அந்த அதிகாரம் இல்லை. சலுகையும் திருப்பி எடுப்பதும் நிறுவனம் முடிவு செய்பவை. முன்பு பார்த்த அந்த நாற்பது கடைகள் வாங்குவதை நிறுத்தியது, ஸ்கீம் பணமும் உடைந்த சரக்கின் பணமும் கைக்கு வராததால்தான். "தள்ளுபடி என் கையில் இல்லை அண்ணாச்சி. வாரம் முப்பது போற இடத்தில் அஞ்சு பெட்டி, நூறு பேனா, இப்ப வேண்டாம். ஒரு பெட்டி எடுங்க. அடுத்த செவ்வாய் எத்தனை போச்சுன்னு பார்த்துட்டு அடுத்ததைப் பேசுவோம்" என்று சொல்பவர் அளவுக்கு மேல் சரக்கைத் தள்ளாதவர் என்பதும் அங்கேயே தெரிந்துவிடுகிறது. கடைசிவரை மேலாளர் "வேண்டாம்" என்றே சொன்னாலும் பயிற்சியில் தோற்றதாகாது. முகம் சுளிக்காமல், அடுத்த வருகைக்கு ஒரு காரணத்தை வைத்துவிட்டு முடித்தால் போதும்.

கேள்வி கேட்பது என்ற இந்த முறைக்குப் பின்னால் ஆய்வும் இருக்கிறது. நீல் ராக்கம் என்ற ஆங்கிலேயரும் அவர் குழுவினரும் 35,000 விற்பனை உரையாடல்களை ஆராய்ந்தார்கள். அதன் முடிவுகள் 1988-இல் 'ஸ்பின் செல்லிங்' என்ற நூலாக வந்தன. வாங்குகிறவரின் நிலை, அவருடைய சிக்கல், அந்தச் சிக்கலால் வரும் விளைவு, அது தீர்ந்தால் கிடைக்கும் பயன் என்று நான்கு வகைக் கேள்விகளை அந்நூல் வகுக்கிறது. மேலே "அந்த நாலு நாள் பசங்க என்ன பண்ணினாங்க?" என்று கேட்டது விளைவைப் பற்றிய கேள்வி. ஆனால் ராக்கம் முக்கியமாகப் பேசியது பெரிய தொகை விற்பனையைப் பற்றி. மூன்று நிமிடப் பயிற்சியில் நான்கு வகையையும் வரிசையாகக் கேட்க முயன்றால் விசாரணை போலாகிவிடும். மூன்று அல்லது நான்கு கேள்விகள் போதும்.

வேலை வேறானால் வாங்குகிறவரும் மாறுவார். மருந்துப் பிரதிநிதி வேலைக்குப் போகிறவருக்கு எதிரில் இருப்பவர் மருத்துவர், அவருக்கு இரண்டு நிமிடத்துக்கு மேல் நேரம் இருக்காது. வீட்டுக் கடன் பிரிவில் எதிரில் இருப்பது ஒரு குடும்பம். கேள்விகள் அதற்கேற்ப மாற வேண்டும்.

முதல் வேலைக்குப் போகிறவர்கள்

இதுவரை இலக்கே இல்லாதவர் என்ன சொல்வது? கல்லூரி விழா மலருக்கு விளம்பரம் சேகரித்தவர், வீட்டுக் கடையில் அமர்ந்தவர், பண்டிகைக் காலத்தில் பட்டாசு விற்றவர் என்று எல்லோரிடமும் ஏதோ ஒரு சிறிய கணக்கு இருக்கும். "முப்பது கடையில் கேட்டேன், ஏழு பேர் விளம்பரம் கொடுத்தார்கள், ஏழில் ஐந்து பேர் எங்கள் கல்லூரி மாணவர்கள் தினம் வந்துபோகும் கடைக்காரர்கள்" என்பது சின்னக் கணக்குதான். ஆனால் கேட்டது எத்தனை, கிடைத்தது எத்தனை, கொடுத்தவர்கள் ஏன் கொடுத்தார்கள் என்ற மூன்றும் அதில் இருக்கின்றன. இல்லாத அனுபவத்தை உண்டாக்கிச் சொல்வதைவிட இது எவ்வளவோ மேல்.

நேர்காணலின் முடிவில் "ஏதாவது கேட்க வேண்டுமா?" என்பார்கள். புதியவரும் அனுபவமுள்ளவரும் அப்போது கேட்க வேண்டியவை சில உண்டு. இந்த ஏரியாவில் இப்போது மாதம் எவ்வளவு போகிறது, எனக்குத் தரப்போகும் இலக்கு எவ்வளவு? அது பிரைமரியா, செகண்டரியா? எத்தனை சதவீதத்திலிருந்து ஊக்கத்தொகை தொடங்கும்? விநியோகஸ்தர் கிடங்கில் இப்போது எத்தனை நாள் சரக்கு இருக்கிறது? ஏழு லட்சம் போகும் ஏரியாவில் பதினொரு லட்சம் இலக்கு, கிடங்கில் 45 நாள் சரக்கு, நூறு சதவீதத்துக்குக் கீழே ஊக்கத்தொகை இல்லை என்று பதில் வந்தால், சேருகிறவர் முதல் இரண்டு மூன்று மாதம் முந்தையவர் தள்ளிவிட்ட சரக்கைக் கரைப்பதிலேயே கழிப்பார். அந்த மாதங்களில் ஊக்கத்தொகை வராது என்று வைத்துக்கொண்டே சம்பளத்தைப் பேச வேண்டும்.